கேள்வியே இல்லாமல் வந்து விழும் கடிதம்: முதலில் என்ன செய்வது?

சிங்கப்பூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்த, ஆங்கிலம் ஓரளவு தெரிந்த தமிழர் எவருக்கும் இது நடக்கும். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நீளமான செய்தி வருகிறது. வணக்கம் இல்லை, "அண்ணே இதப் பாருங்க" என்ற ஒரு வரிகூட இல்லை. ஏதோ கடிதத்திலிருந்து வெட்டி ஒட்டிய இருபது வரிகள் மட்டும் இருக்கின்றன. அனுப்பியவர் ஊர்க்காரத் தம்பியாகவோ, தங்குவிடுதியில் பக்கத்துக் கட்டில்காரராகவோ இருக்கலாம். என்ன வேண்டும் என்று சொல்லாமல் அனுப்பிவிட்டுத் தூங்கப் போயிருப்பார்.

இப்படி வருபவற்றுள் அதிகம் குழப்புவது வேலை அனுமதிச்சீட்டுக்கான கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம். எல்லாரும் ஐபிஏ என்றே சொல்கிறார்கள். சம்பளம், பிடித்தம், பிணைத்தொகை எல்லாம் அதில் இருப்பதால், தவறாகப் படித்துச் சொல்லும் ஒரு வரி அனுப்பியவருக்கு மாதாமாதம் காசாகவே போகும். ஆகவே ஐபிஏ ஒன்றையே எடுத்துக்கொண்டு, கேள்வி இல்லாத ஒரு துண்டைக் கையில் வாங்கியவர் எந்த வரிசையில் யோசிக்கலாம் என்று பார்ப்போம்.

## ஐபிஏ என்பது எது

சிங்கப்பூர் முதலாளி ஒருவர் வெளிநாட்டு ஊழியருக்காக மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்கிறார். அமைச்சு ஒப்புக்கொண்டால் முதலில் வருவது இந்தக் கடிதம். அனுமதிச்சீட்டு அட்டை பிறகுதான். ஊழியர் ஊரைவிட்டுக் கிளம்புமுன் அவருடைய தாய்மொழியில் இந்தக் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது முதலாளிக்கு உள்ள கடமை. தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்குத் தமிழில் கிடைக்கவேண்டும் என்று பொருள். நடைமுறையில் ஏஜெண்ட் கைப்பேசியிலிருந்து பிடிஎஃப் கோப்பாக வரும். அதிலிருந்து ஒரு பகுதியை விரலால் அழுத்தி நகலெடுத்து இன்னொருவருக்கு ஒட்டும்போதுதான் நாம் பேசும் துண்டு பிறக்கிறது.

கீழே இருப்பது ஒரு மாதிரி. எண்களும் சொற்களும் விளக்கத்துக்காக அமைத்தவை. வடிவம் மட்டும் வழக்கமாக வருவதைப் போன்றது.

```
பணியாளரின் மாதச் சம்பள விவரம்
அடிப்படைச் சம்பளம்
நிலையான படிகள்
நிலையான மாதச் சம்பளம்
தங்குமிடப் பிடித்தம்
உணவுப் பிடித்தம்
$420
$580
$1,000
$90
பணியாளர் வந்து சேருமுன் நீங்கள் $5,000
பிணைத்தொகைக்கு ஏற்பாடு செய்யவேண்டும்.
மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது
$60,000 ஈடு தரவேண்டும். மேலும், பணியாளர்
```

இதைப் பார்த்ததும் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, "என்னப்பா இது?" என்று மட்டும் கேட்டுவிட்டு விடுவது. மற்றது, அனுப்பியவருக்கு என்ன வேண்டும் என்று தாமே ஊகித்து முழு விளக்கத்தையும் எழுதி அனுப்புவது. முதலாவது அனுப்பியவரை வாயடைக்கும். கேள்வியை எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் அவர் வெறும் கடிதத்தை அனுப்பினார். இரண்டாவதில் ஆபத்து கூடுதல். ஏன் என்பது துண்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் தெரியும்.

## முதல் பார்வை: யார் யாருக்கு எழுதியது

பொருளைப் படிக்கும் முன் முகவரியைப் படிக்கவேண்டும். துண்டில் முகவரி இல்லை. ஆனால் "நீங்கள்" என்ற சொல் இருக்கிறது. அந்த "நீங்கள்" யார்?

சம்பளப் பகுதி ஊழியரைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு அடுத்த வரியில் "பணியாளர் வந்து சேருமுன் நீங்கள்" என்று வருகிறது. பணியாளர் வேறு, நீங்கள் வேறு. அதாவது அந்த வாக்கியம் முதலாளியைப் பார்த்து எழுதியது. மலேசியர் அல்லாத ஒவ்வொரு வேலை அனுமதிச்சீட்டு ஊழியருக்கும் 5,000 வெள்ளி பிணைத்தொகைக்கு ஏற்பாடு செய்வது முதலாளியின் பொறுப்பு. ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுப்பதும் அவர் பொறுப்புதான். அந்தச் செலவை ஊழியர் தலையில் கட்டக்கூடாது. வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்கு மாதாமாதம் கட்டும் லெவியும் அப்படியே.

கேள்வி இல்லாமல் துண்டை அனுப்பிய தம்பி பல நேரம் இந்த வரியைப் பார்த்துத்தான் பதறியிருப்பார். கடிதத்தில் "நீங்கள் $5,000" என்று இருக்கிறது, கடிதம் தன் கைப்பேசிக்கு வந்திருக்கிறது, ஆகவே தான்தான் கட்டவேண்டும் போலும் என்று நினைத்திருப்பார். இதையே காட்டிக் கூடுதல் பணம் கேட்கும் ஏஜெண்டுகளும் இருக்கிறார்கள்.

ஒட்டி வந்த எந்தத் துண்டிலும் கட்டளைகள் இருக்கும். "பதினான்கு நாளில் கட்டுங்கள்", "இங்கே கையெழுத்திடுங்கள்", "இந்த எண்ணை அழையுங்கள்" என்றெல்லாம் வரும். அவை துண்டை எழுதியவரின் கட்டளைகள். அனுப்பியவர் நம்மிடம் வைத்த வேண்டுகோளாக அவற்றை எடுத்துக்கொள்ளக்கூடாது. துண்டில் ஒரு தொலைபேசி எண் இருப்பதால் அதை நாம் அழைக்கவேண்டும் என்றில்லை, இணைப்பு இருப்பதால் அதைத் தட்டவேண்டும் என்றும் இல்லை. அனுப்பியவர் இன்னும் எதையும் கேட்கவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்கவேண்டும்.

## இரண்டாவது பார்வை: ஒட்டும்போது எது உதிர்ந்தது

நம் கண்ணுக்கு அட்டவணையாகத் தெரியும் ஒன்று பிடிஎஃப் கோப்புக்குள் பெரும்பாலும் அட்டவணையாக இருப்பதில்லை. எந்த எழுத்து தாளில் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்ற குறிப்புகள்தாம் அங்கே உள்ளன. நகலெடுக்கும்போது கைப்பேசி தானாக ஒரு வரிசையை ஊகிக்கிறது. இடப்பக்கப் பெயர்கள் எல்லாம் முதலில், வலப்பக்க எண்கள் எல்லாம் அடுத்து என்று பிரித்துவிடுவது அடிக்கடி நடக்கும். காலியாக இருந்த கட்டம் சுவடில்லாமல் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று எளிய சோதனைகள் போதும்.

1. பெயர்களையும் எண்களையும் தனித்தனியே எண்ணுங்கள். நம் மாதிரியில் பெயர்கள் ஐந்து, எண்கள் நான்கு. ஏதோ ஒரு கட்டம் காலியாக இருந்திருக்கிறது. 90 வெள்ளி தங்குமிடத்துக்கா, உணவுக்கா என்பதைத் துண்டை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

2. கூட்டிப் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் நிலையான படிகளும் சேர்ந்ததுதான் நிலையான மாதச் சம்பளம். 420உம் 580உம் சேர்ந்து 1,000 வருகிறது. ஆக 1,000 என்பது மொத்தம். இது உறுதி. ஆனால் மீதி இரண்டில் எது அடிப்படை, எது படி என்பதைக் கூட்டல் சொல்லாது. மாற்றிப் போட்டாலும் அதே 1,000தான் வரும்.

3. கடைசி வரியைப் பாருங்கள். "மேலும், பணியாளர்" என்று வாக்கியம் பாதியில் நிற்கிறது. கடிதம் இதோடு முடியவில்லை. வாட்ஸ்அப்பில் நீளமான செய்தியின் அடிப்பகுதி மடங்கிக் கிடக்கும் என்பதால், விரித்துப் பார்த்த பிறகுதான் பாதியில் நிற்கிறது என்ற முடிவுக்கு வரவேண்டும்.

இன்னொரு சிறு குறிப்பு. வாட்ஸ்அப்பில் பல செய்திகளைச் சேர்த்து நகலெடுத்தால் ஒவ்வொன்றின் முன்னும் தேதி, நேரம், அனுப்பியவர் பெயர் ஒட்டிக்கொண்டு வரும். அப்படி இருந்தால் துண்டு எந்த வழியாக வந்தது என்பது தெரிந்துவிடும். "Forwarded" என்ற குறி இல்லாததை வைத்து மட்டும் அவரே எழுதியது என்று முடிவுகட்ட முடியாது. நகலெடுத்து ஒட்டினால் அந்தக் குறி வராது.

## ஏன் இவ்வளவு நுணுக்கம்: 420, 580, 1,000

எது அடிப்படைச் சம்பளம் என்பதில் இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் ஓ.டி. எனப்படும் கூடுதல் நேர வேலை. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்ப்பவருக்குக் கையில் வரும் காசில் கணிசமான பங்கு அதிலிருந்துதான் வருகிறது. கூடுதல் நேர வேலைக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு ஊதியம் தரவேண்டும். அந்த ஒன்றரை மடங்கு அடிப்படைச் சம்பளத்தின் மீது கணக்கிடப்படுவது. படிகள் அதில் சேராது. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மணி நேர அடிப்படை ஊதியம் காணும் முறை இது:

```
(12 × மாத அடிப்படைச் சம்பளம்) ÷ (52 × 44)
```

பன்னிரண்டு மாதச் சம்பளத்தை, வாரத்துக்கு 44 மணி நேரம் என்று 52 வார வேலை நேரத்தால் வகுக்கிறோம். இப்போது நம் துண்டை மூன்று விதமாகப் படித்துப் பார்க்கலாம். ஒரு மாதத்தில் 60 மணி நேரம் ஓ.டி. பார்த்ததாக வைத்துக்கொள்வோம். சட்டப்படி மாதத்துக்கு 72 மணி நேரம் வரைதான் போகலாம், ஆகவே 60 நம்பக்கூடிய எண்தான்.

அவசரத்தில் 1,000ஐ அடிப்படை என்று எடுத்தால் ஓ.டி. மணிக்கு 7.87 வெள்ளி, மாதத்துக்குச் சுமார் 472 வெள்ளி. "பெரிய எண்தானே அடிப்படையாக இருக்கும்" என்று 580ஐ எடுத்தால் மணிக்கு 4.56, மாதத்துக்குச் சுமார் 274. வரிசைப்படி 420ஐ எடுத்தால் மணிக்கு 3.30, மாதத்துக்குச் சுமார் 198.

ஒரே துண்டு, மூன்று பதில்கள். கூடியதுக்கும் குறைந்ததுக்கும் இடையே 270 வெள்ளிக்கு மேல் வித்தியாசம். முதல் பதிலைக் கேட்டுவிட்டு ஊரில் கடன் வாங்கி விமானம் ஏறுபவரின் கணக்கு முதல் மாதமே உதைக்கும். பெரிய எண்தான் அடிப்படை என்ற ஊகமும் கைகொடுக்காது. அடிப்படையைக் குறைத்துப் படியைக் கூட்டி எழுதிய கடிதங்கள் உண்டு. ஓ.டி. செலவைக் குறைக்க அது முதலாளிக்கு வசதியான வழி என்பது தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

ஆகவே இந்தக் கட்டத்தில் நேர்மையான பதில் இவ்வளவுதான்: மொத்தம் 1,000, அடிப்படை 420ஆகவோ 580ஆகவோ இருக்கலாம், மூலக் கடிதத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

## அனுப்பியவருக்கு என்ன தேவைப்பட்டிருக்கும்

ஐபிஏ துண்டை அனுப்புகிறவருக்கு இருக்கக்கூடிய கேள்விகள் அதிகம் இல்லை. இது அசல்தானா? ஏஜெண்ட் சொன்ன சம்பளமும் இதுவும் ஒன்றா? இந்த 5,000ஐ நான் கட்டவேண்டுமா? வந்து வேலை பார்க்கிறேன், இதில் உள்ளபடி கொடுக்கவில்லையே, என்ன செய்வது? அதோடு ஐந்தாவதாக ஒன்றும் உண்டு: தவறான ஆளுக்குப் போன செய்தி.

நான்கு கேள்விகளையும் வரிசையாக அவரிடம் கேட்டால் அவர் எதற்கும் பதில் சொல்லமாட்டார். ஆனால் ஒரே ஒரு தகவல் இவற்றைப் பெரும்பாலும் பிரித்துவிடும். அவர் இப்போது எங்கே இருக்கிறார்? இன்னும் ஊரிலா, சிங்கப்பூர் வந்து சில நாளா, மாதக்கணக்கில் வேலை பார்க்கிறாரா? கடிதம் அதேதான் என்றாலும் இந்த மூன்று நிலைக்கும் அதன் பயன் வேறு.

## பதிலை எப்படி எழுதுவது

துண்டு எது என்று நமக்குப் புரிந்ததைச் சொல்லி, உறுதியாகத் தெரிந்த ஒன்றைக் கொடுத்து, ஒரு கேள்வியும் ஒரு வேண்டுகோளும் வைத்தால் போதும். நம் மாதிரிக்கு இப்படி எழுதலாம்:

"தம்பி, நீ அனுப்புனது ஐபிஏ லெட்டர்ல உள்ள சம்பளப் பகுதின்னு நினைக்கிறேன். படியும் சேத்து மாசம் 1,000 வெள்ளின்னு போட்டிருக்கு. அந்த 5,000 முதலாளி ஏற்பாடு செய்யவேண்டியது, நீ கட்டவேண்டியதில்ல. மத்த எண்கள் இடம் மாறி வந்திருக்கு, அந்தப் பக்கத்த அப்படியே ஒரு படம் புடிச்சு எனக்கு மட்டும் அனுப்பு. நீ இன்னும் ஊர்லதான் இருக்கியா, இங்க வந்துட்டியா?"

இதில் 5,000 பற்றிய வரியை அவர் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுவது நல்லது; அவர் மறுநாள் காலையே ஏஜெண்டிடம் பணத்தைக் கொடுத்துவிடலாம். காத்திருந்தால் நட்டம் வரக்கூடிய விஷயத்தை உடனே சொல்லிவிட்டு, காத்திருக்கக்கூடிய ஓ.டி. கணக்கைப் படம் வரும்வரை தள்ளிவைக்கலாம். எண்களை ஊகித்துச் சொல்லாமல் விட்டதும் வேண்டுமென்றேதான்.

"எனக்கு மட்டும்" என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. முழுப் பக்கத்தில் கடப்பிதழ் எண், பிறந்த தேதி, எஃப் அல்லது ஜி அல்லது எம் என்று தொடங்கும் அடையாள எண் எல்லாம் இருக்கும். "யாருக்காவது இது என்னன்னு தெரியுமா?" என்று நாமே அதை நூறு பேர் இருக்கும் குழுவில் போட்டுவிடக்கூடாது. இன்னொருவரிடம் கேட்கவேண்டுமானால் சம்பளப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்கலாம்.

## படம் வந்த பிறகு

படத்தில் வரிசை அப்படியே இருந்தது, அடிப்படை 420, படி 580, தங்குமிடக் கட்டம் காலி, 90 வெள்ளி உணவுக்கு என்று வைத்துக்கொள்வோம். இனிச் சொல்லவேண்டியது அவர் இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

1. இன்னும் ஊரில் இருக்கிறார். இதுதான் கடிதத்துக்கு மிகுந்த பயன் உள்ள நேரம், ஏனென்றால் இப்போது அவரால் "வரவில்லை" என்று சொல்லமுடியும். ஏஜெண்ட் வாயால் சொன்ன சம்பளத்தை மறந்துவிட்டுக் கடிதத்தில் உள்ள எண்ணை வைத்துக் கணக்குப் போடச் சொல்லவேண்டும். பிறகு வழக்காகும்போது முதலில் பார்க்கப்படுவது கடிதத்தில் அறிவித்த தொகைதான். கடிதம் அசலா என்பதை மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் விண்ணப்ப நிலையைத் தேடிச் சரிபார்க்கவேண்டும். கடிதத்துக்குள்ளேயே கொடுத்திருக்கும் இணைப்பைத் தட்டிச் சரிபார்ப்பதில் பயனில்லை. போலிக் கடிதம் போலித் தளத்துக்குத்தான் கூட்டிப்போகும். ஒரு தனியார் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்து "அமைச்சுக் கட்டணம்" கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளவேண்டும். சந்தேகம் என்றால் சிங்கப்பூரில் இருப்பவர் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

2. வந்து சில நாள் ஆகிறது. வேலை தொடங்கிய 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் முதலாளி தரவேண்டும். அதில் உள்ள அடிப்படைச் சம்பளமும் ஐபிஏயில் உள்ள 420உம் ஒன்றா என்று பார்க்கவேண்டும். புதிய தாளில் குறைந்த தொகை இருந்து, "சும்மா கையெழுத்துப் போடு" என்று நீட்டினால் அவசரப்படக்கூடாது. அறிவித்த மாதச் சம்பளத்தைக் குறைக்க ஊழியரின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும், அமைச்சுக்கும் தெரிவிக்கவேண்டும். அந்தச் சம்மதம் பெரும்பாலும் இப்படி நீட்டப்படும் தாளில்தான் போய்விடுகிறது.

3. மாதக்கணக்கில் வேலை பார்க்கிறார், காசு குறைகிறது. வேலை இல்லை என்று தளத்தில் உட்கார வைத்திருந்தாலும் அறிவித்த நிலையான மாதச் சம்பளம் அவருக்குச் சேரவேண்டியதுதான். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓ.டி. காசும் வரவேண்டும்; விவரமான சம்பளச் சீட்டும் தரவேண்டும். அந்தச் சீட்டுகளை, ஐபிஏயை, தன் கைப்பட எழுதிய வேலை நேரக் குறிப்பைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கச் சொல்லவேண்டும். இங்கே வெட்டி ஒட்டிய துண்டு உதவாது என்பதற்கு மேலே பார்த்த 420, 580 குழப்பமே போதும்.

மூன்றாவது நிலையில் இருப்பவர் முதலில் போகவேண்டிய இடம் சர்ச்சை நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணி, எல்லாரும் டாடெம் என்று சொல்வது. எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை 6536 2692 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். அதே நிறுவனத்தில் இன்னும் வேலை பார்ப்பவர், சம்பளம் கிடைத்திருக்கவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் கொடுக்கவேண்டும். வேலையை விட்டவருக்குக் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதம்தான். ஊருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் ஐபிஏ துண்டை அனுப்பியிருந்தால், ஓ.டி. கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விமான நாளைக் கேட்டு, அதற்கு முன்பே புகாரைப் பதிந்துவிடச் சொல்லவேண்டும்.